வாங்கும்போது கட்டிய வரி, விற்கும்போது வசூலித்த வரி: இரண்டையும் தனித்தனியே எழுதுவது ஏன்?

கேள்வி: தமிழகத்தில் மிக்சி, மின்விசிறி போன்ற வீட்டு உபயோகப் பொருள்களை விற்கும், ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை ஒன்றில், அரசுக்குக் கட்ட வேண்டிய நிகர வரி மட்டுமே மாதந்தோறும் கணக்கில் எழுதப்படுகிறது. கொள்முதலில் கட்டிய வரியையும் விற்பனையில் வசூலித்த வரியையும் தனித்தனியே பதிய வேண்டும் என்று கணக்காளர் வற்புறுத்துகிறார். அரசுக்குப் போவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்னும்போது, அதை மட்டும் எழுதினால் போதாதா?

பதில்: போதாது. வித்தியாசம் என்பது கழித்தலின் விடை மட்டுமே. கழிக்கப்படும் இரண்டு தொகைகளும் சட்டத்தின் பார்வையில் ஒரே தன்மை உடையவை அல்ல. விற்பனை மீதான வரி வணிகர் அரசுக்குப் பட்ட கடன். கொள்முதல் மீதான வரியோ, குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் மட்டுமே அக்கடனில் கழித்துக்கொள்ளக் கிடைக்கும் உரிமை.

மதிப்புக் கூட்டு வரி முறையில், ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் முழு விலைக்கும் வரி விதிக்கப்பட்டாலும், முந்தைய கட்டத்தில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இடம் தரப்படுவதால், அந்தக் கட்டத்தில் கூடிய மதிப்பின் மீது மட்டுமே வரிச்சுமை விழுகிறது. இவ்வாறு கழித்துக்கொள்ளும் வரியே உள்ளீட்டு வரி வரவு எனப்படுகிறது. விற்பனை மீது செலுத்த வேண்டியது வெளியீட்டு வரி. தமிழகத்தில் 2007 ஜனவரி 1 முதல் 2006ஆம் ஆண்டின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் கீழ் இருந்த இந்த ஏற்பாடு, 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில பொருள்கள் பழைய வரியிலேயே நீடிப்பதால், கடையின் விநியோக வண்டிக்குப் போட்ட டீசலின் வரியை ஜிஎஸ்டியில் கழிக்க இயலாது.

கேள்வியில் உள்ள கடையையே எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 2,00,000 ரூபாய்க்கு 18 சதவீத வரிக்குரிய சரக்கு வாங்கும்போது, அதன் மீது 36,000 ரூபாய் வரி கட்டப்படுகிறது. அதே மாதத்தில் அச்சரக்கு 2,50,000 ரூபாய்க்கு விற்கப்பட்டால், வாடிக்கையாளர்களிடமிருந்து 45,000 ரூபாய் வரி பெறப்படுகிறது. இவற்றின் வித்தியாசமான 9,000 ரூபாய், கடையில் கூடிய 50,000 ரூபாய் மதிப்பின் 18 சதவீதமே ஆகும். ஆகவே வாங்கும்போது கட்டிய 36,000 ரூபாய் கடையின் செலவும் அன்று, வசூலித்த 45,000 ரூபாய் கடையின் வருமானமும் அன்று. முன்னது திரும்பி வரவேண்டியது, பின்னது அரசுக்குச் சேரவேண்டியது.

கணக்கு எப்போதும் இவ்வளவு நேராக அமைவதில்லை. வெளியீட்டு வரி, சரக்கை விற்றுப் பில் போட்ட உடனே கடமையாகிவிடுகிறது; கடனுக்கு விற்று வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை என்பது, அம்மாதத்திற்குரிய வரியைக் கட்டாமலிருக்கக் காரணமாகாது. உள்ளீட்டு வரி வரவுக்கோ, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவு பல நிபந்தனைகளை விதிக்கிறது: முறையான வரிப் பட்டியல், அதாவது ஜிஎஸ்டி பில், கையில் இருக்க வேண்டும், சரக்கு உண்மையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும், விற்றவர் அந்தப் பில்லைத் தம் விற்பனை அறிக்கையில் காட்டியிருக்க வேண்டும், வரி அரசுக்குச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். விற்றவர்கள் காட்டிய பில்கள், வாங்கியவருக்கு ஜிஎஸ்டிஆர்-2பி என்ற படிவமாக இணையதளத்தில் மறுமாதம் 14ஆம் தேதி கிடைக்கின்றன.

மேற்கண்ட மாதத்தில் சரக்கு தந்தவர்களுள் ஒருவர், 40,000 ரூபாய்ச் சரக்குக்கு 7,200 ரூபாய் வரியுடன் பில் தந்துவிட்டு, அதைத் தம் அறிக்கையில் காட்டத் தவறினார் என்று கொள்வோம். மேலும் வாங்கிய சரக்கில் 10,000 ரூபாய் மதிப்புள்ளவை விற்கப்படாமல், பொங்கல் பரிசாக இலவசமாக வழங்கப்பட்டன என்றும், எஞ்சியவை மட்டுமே 2,50,000 ரூபாய்க்கு விற்றன என்றும் கொள்வோம். பரிசாகக் கொடுத்த, களவுபோன, அழிந்த சரக்குக்கு வரவு எடுப்பதை 17(5) பிரிவு தடுப்பதால், அவற்றின் 1,800 ரூபாய் வரியைக் கழிக்க முடியாது. எனவே 36,000 ரூபாயில் அம்மாதம் எடுக்கத்தக்கது 27,000 ரூபாய் மட்டுமே. கட்ட வேண்டியது 9,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்கிறது.

கூடுதலாகக் கட்ட நேர்ந்த இந்த 9,000 ரூபாயில், 1,800 ரூபாய் திரும்ப வராது. ஆனால் 7,200 ரூபாயை, விற்றவர் பின்னர் அறிக்கையில் காட்டும்போது, அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30ஆம் தேதி அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் ‘நிகர வரி 18,000’ என்று மட்டும் எழுதியிருந்தால், யாரிடமிருந்து எந்தப் பில்லுக்கு எவ்வளவு வரவு நிலுவையில் உள்ளது என்பது தெரியாமல் போய், அக்கெடுவும் கடந்துவிடும். மாறாக, ஆய்வு செய்யாமல் 36,000 ரூபாயையும் கழித்துவிட்டால், தவறாகப் பயன்படுத்திய 9,000 ரூபாய் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் திரும்பக் கோரப்படும்.

தனித்தனிப் பதிவு வேண்டியதற்கு மற்றொரு காரணம், மெய்ப்பிக்கும் பொறுப்பு வரவு கோருபவரைச் சார்ந்தது என்பதாகும். ஜிஎஸ்டி சட்டத்தின் 155ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. கர்நாடக மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் கீழ் எழுந்த ஈகாம் கில் காபி டிரேடிங் வழக்கில், பில்லும் காசோலை மூலம் பணம் கொடுத்ததும் மட்டும் கொள்முதலை மெய்ப்பிக்கப் போதாது என்றும், சரக்கு வந்த வண்டியின் எண், வண்டி வாடகை, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை போன்ற விவரங்களையும் காட்ட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நிகரத் தொகை மட்டும் எழுதிய கணக்கில் இவற்றைக் கோர்த்து வைக்க இடமே இல்லை.

சட்டமும் இதை விருப்பத்திற்கு விடவில்லை. சரக்குகளின் வரவு செலவு, இருப்பு, எடுத்த உள்ளீட்டு வரி வரவு, செலுத்த வேண்டிய வெளியீட்டு வரி, செலுத்திய வரி ஆகியவற்றுக்கு உண்மையான கணக்கு வைக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. உள்மாநில விற்பனையில் வரி மத்திய வரி, மாநில வரி எனச் சம பாதியாகப் பிரிவதாலும், ஒன்றின் வரவை மற்றொன்றின் கடனுக்கு ஈடுகட்ட முடியாது என்பதாலும், கொள்முதல், விற்பனைப் பதிவேடுகள் இரண்டிலும் அவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருக்க வேண்டும்.

ஆகவே கணக்காளர் கூறுவதே சரி. கடையில் கொள்முதல் வரிப் பதிவேடு, விற்பனை வரிப் பதிவேடு ஆகிய இரண்டையும் தொடங்கி, மாதந்தோறும் 14ஆம் தேதிக்குப் பின் முதலாவதை ஜிஎஸ்டிஆர்-2பியுடன் பில் வாரியாக ஒப்பிட்டு, காணாத பில்களுக்கு உரியவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்ட பிறகே, மாதாந்திரத் தாக்கலுக்குரிய 20ஆம் தேதிக்குள் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். நிகர வரி மட்டும் எழுதப்பட்ட கடந்த மாதங்களுக்கும், பில்களைக் கொண்டு இரு பதிவேடுகளையும் நவம்பர் 30க்கு முன்பே எழுதி முடிப்பது நல்லது.