பில் எங்கே, அக்கா?

எங்கள் மையத்தில் படிக்கும் அக்கா ஒருவர் செல்போனில் ஆர்டர் செய்து மிக்சி வாங்கினார். விலை 3,200 ரூபாய். உத்தரவாதம் 2 ஆண்டுகள். எட்டாம் மாதம் மிக்சி ஓடவில்லை.

பழுது பார்க்க வந்தவர், "பில் எங்கே, அக்கா?" என்று கேட்டார். அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். அதில் ஆர்டர் எண்ணும் விலையும் இருந்தன.

"இது ஆர்டர் கொடுத்ததற்கு அடையாளம். பில் இல்லை. பில்லில் விற்றவர் பெயர், பில் எண், தேதி எல்லாம் இருக்கும். அந்தத் தேதியிலிருந்துதான் உத்தரவாதத்தை எண்ணுவோம்" என்றார் அவர்.

இருவரும் செல்போனில் பழைய ஆர்டர்களைத் தேடினார்கள். மிக்சி ஆர்டரில் 'Invoice' என்ற சொல்லைத் தொட்டதும் பில் வந்தது. மிக்சி இலவசமாகச் சரியானது.

இப்போது பொருள் வந்த அன்றே அக்கா பில்லை இறக்கி வைக்கிறார். பொருளின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் படம் எடுக்கிறார். '2024-03-10 மிக்சி 3200' என்று பெயர் வைக்கிறார். ஆண்டு முதலில் வருவதால் எல்லாம் தேதி வரிசையில் நிற்கின்றன. தையல் கடைக்கு வாங்கும் நூல், துணி பில்களைத் தனியே வைக்கிறார். ஆண்டு முடிவில் வரவு செலவுக் கணக்குக்கு அவை வேண்டும்.

கடையில் தரும் வழவழப்பான சீட்டில் மை கிடையாது. சூடு பட்டு எழுத்து வருகிறது. நாளானால் அது மங்கிவிடும். லேமினேஷன் செய்தால் சூட்டில் சீட்டே கறுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் உத்தரவாதம் முடியாத பொருள் எது? அதன் பில் எங்கே?