நோட்டீஸ் காலத்தில் எழுத வேண்டிய குறிப்பு

வேலையை விட்டுப்போகும் கணக்காளர் பலர் ஒப்படைப்புக் குறிப்பில் ‘ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் வேலைகள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அடுத்து வருபவருக்கு அது எதற்கும் உதவாது. குறிப்பைத் தேதி வாரியாக எழுதினால் அவர் பிழைத்தார்: 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோப்பு, யாருடைய ஒப்புதல் என்பதையும் சேர்க்க வேண்டும்.

பாதியில் நிற்கும் வேலைக்குத் தனிப் பக்கம். ‘சப்ளையர் பில் நிலுவை’ என்றால் போதாது. “இந்த எண்ணுள்ள பில் 2பி-யில் ஏறவில்லை, சப்ளையரிடம் பேசியாயிற்று, அடுத்த தாக்கலில் சேர்ப்பதாகச் சொன்னார், அது வரும்வரை உள்ளீட்டு வரி வரவு எடுக்க வேண்டாம்” என்று இருந்தால் புதியவர் அங்கிருந்தே தொடரலாம்.

பெரிய சிக்கல் ஓடிபி. ஜிஎஸ்டி தளத்தில் பதிவாகியிருப்பது போகிறவரின் செல்போன் எண் என்றால், தாக்கல் நாளன்று ஓடிபி அவருக்குத்தான் போகும். (புது அலுவலகத்தில் மீட்டிங்கில் இருப்பார், எடுக்கமாட்டார்.) வேலையில் இருக்கும்போதே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிவிட்டு, மாற்றிய தேதியைக் குறிப்பில் எழுதுவது நல்லது. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதக்கூடாது. யாரிடம் இருக்கிறது என்று எழுதினால் போதும்.

கடைசி மாதத் தாக்கலைப் புதியவரே குறிப்பை வைத்துச் செய்யட்டும், பழையவர் பக்கத்தில் பேசாமல் உட்காரட்டும். எங்கே கேள்வி வருகிறதோ, அங்கே குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.