கோப்பு கைக்கு வந்தால் அத்தியாயமும் நமதாகுமா?

வாசிப்பு வட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கோரிக்கை அடிக்கடி வருகிறது. யாரோ ஒருவர் புத்தகத்தின் பி.டி.எஃப். கோப்பைப் பகிர்ந்திருப்பார். பக்கங்களைப் படம்பிடித்துச் செய்த கோப்பு அது. கைப்பேசியில் திறந்தால் எழுத்து கடுகாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். அப்போது ஒருவர் கேட்பார்: "அண்ணா, மூணாவது அத்தியாயத்தை மட்டும் அப்படியே டைப் பண்ணிப் போட முடியுங்களா? ஞாயித்துக்கிழமை பேசறதுக்கு வசதியா இருக்கும்."

கேட்பவர் படிக்க விரும்பித்தான் கேட்கிறார். தட்டச்சு செய்ய முன்வருபவரும் நல்லெண்ணத்தில்தான் வருகிறார். ஆனால் இருவரும் சில தவறான நம்பிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம், செய்யக் கூடாததைச் செய்கிறார்கள். மறுபக்கம், தாராளமாகச் செய்யக் கூடியதைச் செய்யத் தயங்குகிறார்கள். இரண்டாவது இழப்பு முதலாவதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: கோப்பு ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. எழுத்தாக மாற்றிப் போடுவதில் புதிதாக எதுவும் இல்லை.

புத்தகப் படி ஒன்றைக் கையில் வைத்திருப்பது வேறு, அதிலிருந்து இன்னொரு படியை உண்டாக்குவது வேறு. காசு கொடுத்து வாங்கிய நூலைப் படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். நகலெடுக்கும் உரிமை மட்டும் அந்தக் காசில் அடங்கவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, படைப்பை மறுபடி உருவாக்குவதையும், மின்னணு வடிவில் சேமிப்பதையும், பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதையும் உரிமையாளருக்குரிய உரிமைகளாகச் சொல்கிறது. பகிரப்பட்ட கோப்பே அனுமதியில்லாமல் வந்தது என்றால், அதிலிருந்து எடுத்த அத்தியாயத்துக்கு அனுமதி தானாக முளைத்துவிடாது.

நடைமுறையிலும் வேறுபாடு பெரிது. படக்கோப்பு அட்டையோடும் பதிப்பாளர் பெயரோடும் பயணிக்கிறது. யூனிகோடு எழுத்தாக மாறிய அத்தியாயம் அப்படியல்ல. வெட்டி ஒட்டப்பட்டு, முதல் வரியிலிருந்த ஆசிரியர் பெயர் மூன்றாவது கைமாற்றத்திலேயே உதிர்ந்துவிடும். எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு மாற்றியிருந்தால் துணைக்கால் 'ர' ஆகியிருக்கும், 'ண'வும் 'ன'வும் இடம் மாறியிருக்கும், அடிக்குறிப்பு பத்தியின் நடுவே புகுந்திருக்கும். மெய்ப்புப் பார்க்காத அந்தப் பாடம்தான் பிறகு ஆசிரியர் எழுதியதாக ஊர் சுற்றும்.

நம்பிக்கை: ஆசிரியர் பெயரைப் போட்டு 'நன்றி' என்று எழுதிவிட்டால் போதும்.

பெயரைக் குறிப்பிடுவது கட்டாயமான மரியாதை. 57ஆம் பிரிவு, தான்தான் ஆசிரியர் என்று கோரும் உரிமையைத் தனியாகவே தருகிறது. ஆனால் நகலெடுக்கும் அனுமதி இன்னொரு உரிமை. ஒன்றைச் செலுத்தியதால் மற்றது தீர்ந்ததாகாது.

நம்பிக்கை: பத்து விழுக்காடு வரை, அல்லது ஒரு அத்தியாயம் வரை எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஆய்வுக்கும் படிப்புக்கும் இப்படியொரு அளவு உண்டு: பத்து விழுக்காடு பக்கங்கள் அல்லது ஓர் அத்தியாயம். அது அந்த நாட்டுக்கான விதி. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை 'நியாயமாகக் கையாள' அனுமதிக்கிறது. எத்தனை சொல், எத்தனை பக்கம் என்று அது சொல்லவில்லை.

நியாயத்தை எதைக்கொண்டு அளப்பது? 1996இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு நல்ல வழக்கில் இதைப் பார்த்தது. தோப்பில் பாசியின் 'நிங்ஙள் என்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன், மூல நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டிருந்தார். எடுத்ததன் அளவும் மதிப்பும் என்ன, எதற்காக எடுத்தார், மூலத்தோடு போட்டி போடுமா என்ற மூன்றையும் நீதிமன்றம் சேர்த்து எடைபோட்டது. விமர்சிப்பதற்காக எடுத்தார், மூல நாடகத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை என்பதால் அது நியாயமான கையாளலாகக் கொள்ளப்பட்டது.

அளவு சிறியதாக இருந்தாலே தப்பிக்கலாம் என்பதும் இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுக்குறிப்பு நூல் வெளிவரும் முன்பே, 'தி நேஷன்' இதழ் அதன் கையெழுத்துப் படியைப் பெற்றுக் கட்டுரை வெளியிட்டது. நேராக எடுத்தாண்டது ஏறத்தாழ 300 சொற்கள்தான். நூலோ 2,00,000 சொற்கள் கொண்டது. ஆனால் எடுத்தவை நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கியதைப் பற்றிய பகுதிகள், அந்த நூலின் உயிர்நிலை. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடாக ஏற்கவில்லை. அந்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சொல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில் உள்ள குறையை நன்றாகக் காட்டுகிறது.

நம்பிக்கை: டெல்லிப் பல்கலைக்கழக வழக்குக்குப் பிறகு, படிப்புக்கு என்றால் எதையும் நகலெடுக்கலாம்.

இந்தத் தீர்ப்பு மாணவர்களுக்குக் கிடைத்த உண்மையான வெற்றி. அதனால்தான் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை இருந்தது. ஆசிரியர்கள் பாடத்திட்டத்தில் குறித்துக்கொடுத்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, ஒரே தொகுப்பாகக் கட்டி விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ செய்யும் நகலைச் சட்டம் அனுமதிக்கிறது என்றும், அளவுக்கு உச்சவரம்பு இல்லை, கற்பித்தலுக்கு அது தேவைதானா என்பதே கேள்வி என்றும் சொல்லி, அந்தத் தேவையை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆக, கல்லூரிப் பாடத்தில் வைக்கப்பட்ட ஓர் அத்தியாயத்தை அந்த வகுப்பு மாணவர்களுக்கு முழுதாகத் தருவதற்கு இங்கே வலுவான இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடும் 200 பேர் வாசிப்புக் குழுவுக்கு அந்த இடம் தானாகப் பொருந்தாது. அங்கே ஆசிரியர், மாணவர், பாடத்திட்டம் என்ற உறவு இல்லை.

நம்பிக்கை: அப்படியானால் சுருக்கி எழுதுவதும் ஆபத்து, பேசாமல் விட்டுவிடுவதே நல்லது.

மேலே சொன்ன தயக்கம் இதுதான். தேவையில்லாத தயக்கம். ஒரு நூல் சொல்லும் செய்திகளுக்கும் கருத்துகளுக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. எனவே ஓர் அத்தியாயம் என்ன வாதிடுகிறது, எந்தச் சான்றுகளை வைக்கிறது என்று உங்கள் சொற்களில் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. சுருக்கப் பதிப்பு வெளியிடும் உரிமையைச் சட்டம் ஆசிரியரிடமே வைத்திருக்கிறது. நூலையே குறுக்கித் தருவது சுருக்கப் பதிப்பு; நூலைப் பற்றிச் சொல்வது சாரம். எல்லை எங்கே என்பதை ஒரு கற்பனை அத்தியாயத்தில் பார்ப்போம். பாசன ஏரிகளைப் பற்றிய 22 பக்கம், சுமார் 6,000 சொல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆசிரியர் இப்படி எழுதியிருக்கிறார்: "மேல் ஏரி நிறைந்தால் மறுகால் போகும், மறுகால் போனால் கீழ் ஏரி நிறையும். நடுவில் ஒரு வாய்க்காலைத் தூர்த்தவன், தான் பார்த்தே இராத ஊரின் நாற்றங்காலைக் கொளுத்துகிறான்."

ஒருவர் இதை "மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும், வெளியேறினால் கீழ் ஏரி நிரம்பும். இடையில் வாய்க்காலை மூடியவன் தெரியாத ஊரின் நாற்றங்காலை எரிக்கிறான்" என்று எழுதினால், சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறாரே தவிர வாக்கியத்தின் எலும்பும் உருவகமும் ஆசிரியருடையவை. இப்படி 22 பக்கமும் போனால் கிடைப்பது மாறுவேடமிட்ட நகல். இன்னொருவர் எழுதுகிறார்: "ஏரிகளைத் தனித்தனியாகத் தூர்வாருவது போதாது, இணைப்பு வாய்க்கால்களைக் காப்பதுதான் முதல் வேலை என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். வாய்க்காலை மறித்தவரைத் தண்ணீர்ச் சிக்கனம் பேசுபவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பது ஆசிரியரின் வருத்தம்." இது சாரம். மூலத்தின் வரிசையை விட்டு வாதத்தைப் பிடித்திருக்கிறது.

இதை எழுத நல்ல வழி, அத்தியாயத்தை இரண்டு முறை படித்து, கோப்பை மூடிவிட்டு எழுதுவது. எழுதி முடித்தபின் கோப்பைத் திறந்து பெயர்களையும் எண்களையும் மட்டும் சரிபார்க்க வேண்டும். 6,000 சொல் அத்தியாயத்துக்கு 400 சொல்லில் சாரம் அமைந்துவிடும். ஆசிரியரின் குரல் கேட்டே ஆகவேண்டிய இடத்தில், நாற்றங்கால் வாக்கியத்தைப் போல ஒன்றிரண்டை மேற்கோள் குறிக்குள் பக்க எண்ணோடு தரலாம். ஒவ்வொரு மேற்கோளைச் சுற்றியும் நீங்கள் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேற்கோள்களை உருவிவிட்டுப் படித்தாலும் உங்கள் எழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் அளவு மீறிவிட்டது.

முழு அத்தியாயமும் தாராளமாகத் தரக்கூடிய நூல்களும் நிறைய உண்டு. இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் எழுத்து 2002ஆம் ஆண்டு முடிவோடு எல்லோருக்கும் உரியதாயிற்று. 2015இல் மறைந்த ஜெயகாந்தனின் எழுத்துக்கோ கணக்குப்படி 2075 வரை காலம் இருக்கிறது. இந்தக் காலம் முடியும் முன்பே தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் படைப்புகளும் உண்டு. எச்சரிக்கை ஒன்றுதான்: பழைய நூலின் புதிய பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை, மூலத்தோடு சேர்ந்து விடுதலை ஆகிவிடுவதில்லை.

இன்னொரு விதிவிலக்கு, அந்த வாட்ஸ்அப் கோரிக்கையையே மாற்றிவிடக் கூடியது. கேட்டவர் பார்வைக் குறைபாடு உள்ளவராக இருந்தால், படக்கோப்பு அவருக்கு வெறும் வெள்ளைத்தாள். எழுத்துணரியின் உதவி இல்லாமல் திரைவாசிப்பு மென்பொருளால் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 52ஆம் பிரிவில் இவர்களுக்காகவே ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்கோ படிப்புக்கோ ஆய்வுக்கோ அணுகக்கூடிய வடிவில் படைப்பை மாற்றித் தரலாம். அத்தியாயம் என்ன, முழு நூலையே தரலாம். அப்போது குழுவில் போடாமல் அவருக்கே நேராக அனுப்புங்கள். மெய்ப்பை ஒருமுறை ஒழுங்காகப் பாருங்கள். துணைக்கால் 'ர' ஆகியிருந்தால் திரைவாசிப்பான் அதை 'ர' என்றுதான் படிக்கும், பிழையைக் கண்ணால் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

மற்றவர்களுக்கு முழு அத்தியாயம்தான் வேண்டுமென்றால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். எந்த நூல், எந்தப் பக்கங்கள், எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன 'சரி' உரிமமாகாது, ஏனெனில் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. பதில் வரும்வரை அந்த 400 சொல் சாரத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்தலாம்.