மொட்டை மாடியில் எத்தனை சூரியத் தகடுகள் அமையும்?

வீட்டுக் கூரையில் சூரிய மின்சக்தி அமைப்பதற்காகக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களுடன் நிறுவுநரின் விலைப்புள்ளியும் இணைக்கப்பட்டிருக்கும். அதில் நாம் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, தகடுகளின் எண்ணிக்கையை. நிழலற்ற பரப்பை ஒரு தகட்டின் பரப்பால் வகுத்து அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அத்தனை தகடுகளும் மாடியில் அமைவதில்லை. நாகபுரியிலுள்ள ஒரு மாடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சரியான கணக்கைப் படிப்படியாகக் காண்போம்.

மாடியின் உள்ளளவு கிழக்கு மேற்காக 8.6 மீட்டர், தெற்கு வடக்காக 6.6 மீட்டர் எனக் கொள்வோம். சுற்றிலும் 0.9 மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவர் உள்ளது. மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் இந்த அளவுக்கு அப்பால், வடபுறத்தில் உள்ளன.

முதற்படி: நிழலற்ற செவ்வகம்

ஆண்டிலேயே நிழல் மிக நீண்டு விழும் நாள் டிசம்பர் 21 ஆகும். அன்று காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் படாத இடமே நமக்குப் பயன்படும். அந்த நேர எல்லையில், நாகபுரியில் ஒரு சுவரின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு வடக்கு நோக்கியும், 1.4 மடங்கு பக்கவாட்டிலும் நீளும். வடக்கு நோக்கிய மடங்கு சென்னையில் ஏறத்தாழ 1 ஆகவும், தில்லியில் 1.7 ஆகவும் இருக்கும். ஆகவே ஓரூரின் கணக்கை மற்றோரூருக்கு அப்படியே பயன்படுத்த இயலாது.

நம் மாடியில் தெற்குச் சுவருக்காக 1.2 மீட்டரும், கிழக்கு மேற்குச் சுவர்களுக்காகத் தலா 1.3 மீட்டரும் விடவேண்டும். எஞ்சுவது 6.0 மீட்டருக்கு 5.4 மீட்டர், அதாவது 32.4 சதுர மீட்டர். விட்ட இடமும் வீணாவதில்லை. தகடுகளைக் கழுவுவதற்கான நடைபாதையாக அது உதவும்.

இரண்டாம் படி: வரிசையில் எத்தனை?

இன்று பரவலாகக் கிடைக்கும் 540 வாட் தகடு 2.278 மீட்டர் நீளமும் 1.134 மீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 2.58 சதுர மீட்டர். நேரடியாக வகுத்தால் 12 தகடுகள் என விடை வருகிறது. ஆனால் தகட்டை வெட்டி ஒட்ட இயலாது. ஒவ்வொரு திசையிலும் முழுத் தகடுகளாகவே எண்ணவேண்டும்.

தகடுகளை நீளவாட்டில் நிமிர்த்தி வைத்து, இடையே 2 சென்டிமீட்டர் விட்டால், 6 மீட்டரில் 5 தகடுகள் அமையும். ஆறாவது தகட்டையும் சேர்த்தால் 6.9 மீட்டர் தேவைப்படும்.

மூன்றாம் படி: எத்தனை வரிசைகள்?

தகட்டைத் தெற்கு நோக்கி 20 பாகை சாய்த்தால், அது தரையில் 2.14 மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதன் பின்விளிம்பு முன்விளிம்பைவிட 0.78 மீட்டர் உயர்ந்து நிற்கும். அந்த உயரமும் ஒரு சுவரைப்போல் நிழல் தரும். எனவே அடுத்த வரிசைக்கு முன் 0.78 × 1.3, அதாவது ஏறத்தாழ 1 மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு வரிசைகளுக்கு 2.14 + 1.01 + 2.14 = 5.29 மீட்டர் ஆகிறது. 5.4 மீட்டருக்குள் இது அடங்கும். மூன்றாம் வரிசைக்கு இடமில்லை.

ஆக, 5 × 2 = 10 தகடுகள்; 5.4 கிலோவாட். இதே தகடுகளைப் படுக்கைவாட்டில் வைத்தால் வரிசைக்கு 2 வீதம் மூன்று வரிசைகளில் 6 மட்டுமே அமையும். இரு வகையிலும் வரைந்து பார்த்த பின்னரே எண்ணிக்கையை முடிவு செய்யவேண்டும்.

கூடுதல் தகடுகளைத் திணித்தால்

விலைப்புள்ளியில் 12 எனக் குறித்துவிட்டு, வரிசைக்கு ஆறாகப் பொருத்தினால், ஓரத் தகடுகள் சுவரின் நிழலுக்குள் செல்லும். தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்படுவதால், நிழல் பட்ட தகடு தன் உற்பத்தியை இழப்பதோடு மற்றவற்றின் மின்னோட்டத்தையும் குறைக்கக்கூடும். மேகமற்ற குளிர்கால நாள்களில் காலையிலும் மாலையிலும் மட்டும் இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி, வெயிலுக்குப் பொருந்தாமல் சட்டென்று சரிந்தால் இதுவே காரணமா எனப் பார்க்கவேண்டும். உயரமான தாங்கிகள் அமைத்துச் சுவரின் நிழலைத் தவிர்க்கலாம். ஆனால் காற்றின் விசை கூடுவதால், கட்டடத்தின் வலுவைப் பொறியாளர் ஆராய்ந்த பின்னரே அதைச் செய்யவேண்டும்.

அமையக்கூடிய எண்ணிக்கை வேறு, தேவையான எண்ணிக்கை வேறு. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 என அமைந்து, மொத்தம் ரூ.78,000 என்ற வரம்புடன் நிற்கிறது. மேற்கண்ட மாடியில் 6 தகடுகளே 3.24 கிலோவாட் தரும். எஞ்சிய நான்கின் விலை முழுவதும் வாடிக்கையாளரின் சொந்தப் பணம் அல்லது கடன் ஆகும். மின்கட்டணச் சீட்டிலுள்ள மாதாந்திரப் பயன்பாடு அந்த நான்கையும் வேண்டுகிறதா என்று பார்த்து, அளவுகள் குறித்த மாடி வரைபடத்தையும் நிறுவுநரிடம் பெற்ற பிறகே விலைப்புள்ளியை ஏற்பது நன்று.