மாமாவின் மனைவி ஏன் அத்தை?

ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு நீங்கள் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். கனடாவில் பிறந்து வளர்ந்த, உங்கள் வயதே ஆன உறவுக்காரப் பெண் ஒருத்தியும் வந்திருக்கிறாள். தமிழ் நன்றாகவே பேசுகிறாள். தன் மாமா மகனை, தன்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதால், "அண்ணா" என்று கூப்பிடுகிறாள். "அத்தானைப் போய் அண்ணன் என்கிறாளே!" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சரி, இனி அத்தான் என்றே அழைப்போம் என்று, அடுத்து வந்த பெரியப்பா மகனை "அத்தான்" என்கிறாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியவர்களின் முகம் மாறிவிடுகிறது.

அவள் உங்களிடம் வந்து கேட்கிறாள்: "இரண்டு பேரும் எனக்குக் கசின்தானே? ஒருவர் அண்ணன், ஒருவர் அத்தான், எப்படி?" அதுதான் முறை என்று சொன்னால் அது விடை ஆகாது. இதில் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

உறவினர் எல்லோரையும் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் நாமாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வதுதான். விதிகள் இரண்டே. பிள்ளைக்குத் தகப்பனின் நிறம். கணவனும் மனைவியும் எப்போதும் வேறு வேறு நிறம். அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு என்று கொடுப்போம். அவள் அப்பாவும் சிவப்பு. அப்பாவின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சிவப்பு. அம்மா நீலம். அம்மாவின் உடன்பிறந்தவர்களும் நீலம்.

இப்போது பெற்றோர் தலைமுறையைப் பாருங்கள். சிவப்பு ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா. நீலப் பெண்கள் பெரியம்மா, சித்தி. சிவப்புப் பெண் அத்தை. நீல ஆண் மாமா. இந்த நான்கு கட்டங்களுக்குள் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். மாமா நீலம் என்றால் அவர் மனைவி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். சிவப்புப் பெண்ணுக்கு உரிய சொல் அத்தை. ஆகவே மாமாவின் மனைவி, அப்பாவோடு பிறக்காதவளாக இருந்தாலும் அத்தைதான். (சில ஊர்களில் மாமி என்பார்கள், கட்டம் அதுவே.) அத்தையின் கணவர் மாமா ஆவதும், சித்தப்பாவின் மனைவி சித்தி ஆவதும் இதே காரணத்தால்தான். அங்கிள், ஆண்ட்டி என்ற இரண்டே சொற்களால் இந்த நான்கு கட்டங்களையும் காட்ட முடியாது.

அவளுடைய தலைமுறையில் சிவப்பாக இருப்பவர்கள் எல்லோரும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. நீலத்தில் மூத்த ஆண் அத்தான், மூத்த பெண் மதினி. நெல்லைச் சீமைப் பேச்சில் அது மைனி என்று தேய்ந்திருக்கும். அண்ணன் மனைவியையும் அத்தை மகளையும் ஒரே சொல்லால் மதினி என்று அழைப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? இருவரும் நீலம். பையனாக இருந்தால், அவனுக்கு எதிர் நிற ஆண் மச்சான். முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமாம்!

தூரத்து உறவுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. உறவு வழியில் நடந்து போங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கோ, பிள்ளையிடமிருந்து தாய்க்கோ போகும் ஒவ்வொரு படியிலும் நிறம் மாறும். தகப்பன் படியிலும் உடன்பிறப்புப் படியிலும் மாறாது. கணிதத்தில் மைனஸ் ஒன்றால் பெருக்குவது போலத்தான் இது. பெரியம்மா மகனைப் பாருங்கள். அவளிடமிருந்து அம்மாவுக்கு ஒரு மாற்றம். அங்கிருந்து பெரியம்மாவுக்கு மாற்றம் இல்லை. பெரியம்மாவிலிருந்து மகனுக்கு இன்னொரு மாற்றம். இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அவன் சிவப்பு, ஆகவே அண்ணன். மாமா மகனுக்கு ஒரே மாற்றம்தான். அவன் அத்தான்.

கொஞ்சம் கடினமான கணக்கு ஒன்று. அவளுடைய அப்பாவுக்கு ஒரு மாமா உண்டு. அந்த மாமாவுக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரு மகள். கல்யாண வீட்டில் அவள் எதிரே நிற்கிறாள். என்ன முறை? அப்பாவரை மாற்றம் இல்லை. அப்பாவிலிருந்து அவருடைய தாய்க்கு ஒன்று. தாயின் உடன்பிறந்தவருக்கும் அவர் மகளுக்கும் மாற்றம் இல்லை. ஆகவே அந்த மகள் நீலம். பெற்றோர் தலைமுறையில் நீலப் பெண், சித்தி. அவளிடமிருந்து அவள் மகளுக்கு இன்னொரு மாற்றம். மொத்தம் இரண்டு. எதிரே நிற்பவள் தங்கை.

இந்தக் கணக்கு அறிவியல் வரலாற்றில் ஒரு பிழையைத் திருத்தவும் உதவியது. அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், பல நாட்டு உறவுச் சொற்களைத் திரட்டி 1871ஆம் ஆண்டில் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். நியூயார்க் பகுதியின் பழங்குடிகளான செனகா மக்களும் தமிழரைப் போலவே பெரியப்பாவை அப்பா என்கிறார்கள், மாமா மக்களைத் தனியே பிரிக்கிறார்கள் என்று கண்டு வியந்தார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு இது சான்று என்றார். ஆனால் மொழியியல் அறிஞர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி 1964இல் இரண்டும் ஒன்றல்ல என்று காட்டினார். நாம் மேலே போட்ட கணக்கைச் செனகா முறையில் போட்டால், அப்பா பக்கத்தில் அவர் தலைமுறைப் பெண் எவ்வழியில் வந்தாலும் அப்பாவுக்கு உடன்பிறந்தாள் போலத்தான்; அவள் அத்தை. அவள் மகள் தங்கை ஆகமாட்டாள், அத்தை மகள் ஆவாள். கிட்டத்து உறவில் ஒத்துப்போகும் இரு முறைகள் ஒரு படி தள்ளினால் பிரிந்துவிடுகின்றன. தமிழ் முறை வழி நெடுகிலும் மாற்றங்களை எண்ணுகிறது. கணவன் மனைவி எதிர் நிறம் என்ற திருமண விதி அதற்குள் இருப்பதே காரணம்.

பெரியப்பா மகனை அத்தான் என்றபோது முகங்கள் மாறியது இதனால்தான். நீலம் என்பது மணம் செய்துகொள்ளத் தக்க முறை, சிவப்பு, உடன்பிறப்பு. முறை இருப்பதால் மணந்தாக வேண்டும் என்பதில்லை என்பதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம். இந்தக் கோடு உயிரியல் போட்ட கோடு அல்ல. உடன்பிறந்த இருவருக்குச் சராசரியாக மரபணுவில் பாதி பொது; ஒவ்வொருவரின் பிள்ளைக்கும் அது பாதியாகக் குறையும்; 1/2 × 1/2 × 1/2 = 1/8. மாமா மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் அதே 1/8தான். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறையுள்ள மரபணு பிள்ளையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு, அத்தானை மணந்தாலும் அதே அளவுக்குத்தான் கூடுகிறது.

நம் கணக்கு தடுமாறும் இடமும் உண்டு. தாத்தா, ஆச்சி என்ற சொற்கள் இரு பக்கத்துக்கும் பொதுவாக வழங்குவதால் அங்கே நிறம் தெரிவதில்லை. அதைவிடச் சிக்கலானது அக்காள் மகளைக் கட்டும் வழக்கம். அந்தப் பெண்ணின் தாய்மாமா அவளுடைய அக்காளையே மணந்திருந்தால், அவர் மாமாவா, அக்காள் கணவர் என்ற வகையில் அத்தானா? நிறம் இரண்டு வழியிலும் நீலம்தான், தலைமுறைதான் இடிக்கிறது. அவரைப் பெரும்பாலும் பழைய பழக்கப்படி மாமா என்றே அழைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தால், அவள் மாமா வழியில் மாமா மகள், அக்காள் வழியில் மகள். அங்கே கிட்டத்து வழியான அக்காள் வழியே வெல்லும். அந்தக் குழந்தை பேசத் தொடங்கியதும் கனடாக்காரப் பெண்ணைச் சித்தி என்று கூப்பிடும்.