சேலை எடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள்

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கும் தங்கைகளுக்கு:

1. முதலில் ஒரே ஒரு சேலையைச் சில்லறை விலைக்கே வாங்குங்கள். இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் விற்க நினைத்தால், மொத்த வியாபாரி அனுப்பும் படத்தை நம்பி 10 நிறச் செட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அதே படம் இன்னும் பலரிடம் இருக்கும். நிறமும் கூட்டிக் காட்டப்பட்டிருக்கும். வாங்கிய சேலையைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபில்டர் போடாமல் படமெடுங்கள். உடுத்தியபடி ஒன்று, முந்தி ஒன்று, பார்டர் கிட்டத்தில் ஒன்று, இந்த மூன்றும் போதும். மற்ற நிறங்களுக்கு வியாபாரியின் படத்தைக் காட்டினால், நிறம் சற்று மாறலாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. படத்திலேயே விலையை எழுதுங்கள். விலை தெரியாமல் வரும் "சூப்பர் அக்கா" கணக்கில் சேராது.

3. படத்தைக் குழுவில் போட்டு வாக்கெடுப்பு வையுங்கள். அதில் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "850 ரூபாய்க்கு எந்த நிறம் எடுப்பீர்கள்?" என்று கேட்டு, நிறங்களோடு "இப்போது வேண்டாம்" என்பதையும் ஒரு பதிலாக வையுங்கள். ஒருவர் ஒரு பதில் மட்டும் சொல்லும்படி அமைப்பை மாற்றுங்கள். குழுவில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்தவரைப் பார்த்து அடுத்தவரும் அதையே தொடுவார். ஆகவே குழுவில் கிடைத்த வாக்கை நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை விற்கும் என்பதற்கு அது சாட்சியல்ல.

4. அந்தச் சாட்சி முன்பணம்தான். வாக்களித்தவர்களுக்குத் தனித்தனியே எழுதி, 100 ரூபாய் அனுப்பி முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். குறித்த தேதிக்குள் சேலை வராவிட்டால் பணம் திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 24 பேர் வாக்களித்த இடத்தில் 5 பேர் மட்டும் பணம் அனுப்பினால் திகைக்காதீர்கள். உங்கள் உண்மையான வாடிக்கையாளர் அந்த 5 பேர்தான். அவர்கள் கேட்கும் நிறம் வாக்கில் முந்திய நிறமாக இல்லாவிட்டால், பணம் வந்த நிறத்தையே நம்புங்கள்.

5. எத்தனை முன்பணம் வந்தால் எடுப்பது என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். ஒரு சேலை 600 வீதம் 10 சேலைக்கு 6,000 ரூபாய் என்று வையுங்கள். 850க்கு விற்றால் 8 போனால்தான் போட்ட பணம் கைக்கு வரும். கூரியர் செலவு தனி. 5 பேர் உறுதி என்றால் இன்னும் 3 விற்க வேண்டும். தீபாவளிக்கு முன் அந்த 3ஐ நம்பலாம். பண்டிகையும் முகூர்த்தமும் இல்லாத நாளில் கலந்த நிறத்தில் 5 மட்டும் தருவாரா என்று வியாபாரியிடம் கேளுங்கள்; விலை சற்றுக் கூடினாலும் தேங்காது.

6. எழுதிய எண் வரவில்லையென்றால் அன்றே முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். "இந்த முறை ஆள் சேரவில்லை" என்று ஒரு வரியும் எழுதுங்கள். அடுத்த சேலைக்குத் தயங்காமல் முன்பணம் அனுப்புபவர்களும் பணம் திரும்பப் பெற்ற அவர்களே.