விஷயத்தைச் சொன்னால் கிளிக் வராதாம்!

"விளக்கத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டால் வாசகர் எதற்கு உள்ளே வருவார்?" இணையச் செய்தி டெஸ்க்கில் புதிதாகச் சேரும் உதவி ஆசிரியருக்கு முதல் நாளே ஓதப்படும் மந்திரம் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கூகுளில் தேடும்போது தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வருகிறதே, அதற்காக எழுதிக் கொடுக்கும் மெட்டா டிஸ்கிரிப்ஷனைப் பற்றிய பேச்சு இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது, 4ஆம் தேதி திங்கட்கிழமை நான்கு மாவட்டங்களுக்குத் தமிழக அரசு பொது விடுமுறை அறிவித்தது. அந்தச் செய்திக்கு வழக்கமான பாணியில் விளக்கம் எழுதினால் இப்படித்தான் வரும்: "சென்னை மக்களே உஷார்! நாளை விடுமுறையா? வெளியான முக்கிய அறிவிப்பு."

இதில் ஒரு தகவலாவது இருக்கிறதா? அரசு அறிவித்து முடித்த ஒன்றைக் கேள்வியாக்கியதே முதல் பொய். திருவள்ளூரில் இருப்பவர் தனக்கில்லை என்று கடந்துவிடுவார். 'நாளை' இன்னும் மோசம். ஞாயிறன்று எழுதியதைத் திங்களன்று தேடுபவர் பார்த்தால், அது செவ்வாய்க்கிழமையாகிவிடும். அதே செய்திக்கு எழுத வேண்டியது இது:

```
<meta name="description" content="மிக்ஜாம் புயல்: சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு டிசம்பர் 4 திங்கட்கிழமை பொது விடுமுறை என அரசு அறிவிப்பு. அத்தியாவசியச் சேவைகள் இயங்கும்.">
```

எங்கே, என்றைக்கு, யார் சொன்னது எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் உள்ளே வர என்ன காரணம் என்கிறீர்களா? எந்தெந்தச் சேவை இயங்கும், தனியார் அலுவலகங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், புயல் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் செய்திக்குள்தானே இருக்கிறது! இரண்டு வரியில் தீர்ந்துபோகிற செய்தி என்றால் கோளாறு செய்தியில் இருக்கிறது, விளக்கத்தில் இல்லை.

தேதி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர் அங்கேயே படித்துவிட்டுப் போவார், மறுக்கவில்லை. ஆனால் அவரை ஏமாற்றி உள்ளே இழுத்தாலும் தேதியைப் பார்த்த நொடியில் கிளம்பிவிடுவார். அடுத்த முறை நம் பெயரைக் கண்டாலே தள்ளிப் போவார்.

இன்னொன்றையும் மந்திரக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதைத்தான் காட்ட வேண்டும் என்று கூகுளுக்குக் கட்டாயமில்லை. பெரும்பாலும் அது பக்கத்தின் உள்ளிருந்தே வரிகளை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதிய விளக்கம் அதைவிடச் சரியாகப் பக்கத்தைச் சொன்னால்தான் அதைக் காட்டும். "வெளியான முக்கிய அறிவிப்பு" எந்தப் பக்கத்தைச் சொல்கிறது? எதையும் இல்லை. டிஸ்கவர் பகுதிக்கான கூகுளின் வழிகாட்டுதல் இன்னும் நேரடியானது: பக்கம் எதைப் பற்றியது என்று புரிவதற்கு வேண்டிய முக்கியத் தகவலை, முன்னோட்டத்தில் மறைத்து ஆளிழுக்காதீர்கள் என்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. விளக்கத்தில் தேடுசொற்களைத் திணித்தால் பக்கம் மேலே ஏறும் என்பார்கள். தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. சரியாக 160 எழுத்து இருக்க வேண்டும் என்பதும் கதைதான். அப்படி ஒரு வரம்பு கிடையாது. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறார்கள். அகலமான தமிழ் எழுத்துக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், மாவட்டமும் தேதியும் முன்னால் வரட்டும். வால் வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

ஒரு தடவை எழுதினால் போதும் என்பது மட்டும் ஆபத்தான நம்பிக்கை. பலி எண்ணிக்கையோ கைது விவரமோ மாறும்போது செய்தியைத் திருத்துகிறார்கள், விளக்கத்தைத் தொடுவதில்லை. வாட்ஸ்அப்பில் பகிரும்போது வருகிற `og:description` வேறு பெட்டியில் இருப்பதால் அதை நினைப்பதே இல்லை. போதாததற்கு, இடம் மிச்சம் பிடிக்க "என்று போலீசார் தெரிவித்தனர்" என்பதை வெட்டுகிறார்கள். செய்திக்குள் குற்றம் சாட்டப்பட்டவராக இருப்பவர் விளக்கத்தில் குற்றவாளியாகிவிடுகிறார். வழக்கு வந்தால் பதில் சொல்வது யார்?

இதற்கெல்லாம் காரணம், விளக்கம் எழுதும் வேலையை எஸ்.இ.ஓ. குழுவிடம் தள்ளிவிட்டதுதான். செய்தியை முழுக்கப் படிக்காமல் எழுதுகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! ஆசிரியர்களே, செய்தியை எடிட் செய்தவரே விளக்கத்தையும் எழுதட்டும். திருத்தும்போது மூன்று இடத்தையும் சேர்த்துத் திருத்தட்டும். 'நாளை', 'இன்று' இரண்டையும் அந்தப் பெட்டியில் இன்றே தடை செய்யுங்கள்.